முதலாமவர் அல்லது பிழைத்திருப்பவர்

வெளிநாட்டில் வேலை செய்யும் இடத்தில் அவருக்கு மேலாளு என்று பெயர். மேலாளர் இல்லை, மேலாளு. டவர் கிரேனின் உச்சியில், ஒரு ஆள் உட்கார்ந்தால் முழங்கால் கண்ணாடியில் இடிக்கிற கூண்டுக்குள், பத்து வருஷமாக உட்கார்ந்திருக்கிற மனிதர். காலையில் ஏணியில் ஏறினால் மதியச் சாப்பாடும் மேலேதான், மற்ற விஷயங்களுக்கு ஒரு பிளாஸ்டிக் பாட்டிலும் மேலேதான். கீழே நிற்கிற சிக்னல்காரர் வாக்கி டாக்கியில் சொல்லுவதை நம்பி, கண்ணுக்கே தெரியாத இடத்தில் மூன்று டன் இரும்பை இறக்குவார். கீழே இருப்பவன் சொல்லை நம்பாவிட்டால் அந்த வேலையே கிடையாது.

அந்த நம்பிக்கையை அவர் ஊருக்கும் கொண்டுவந்தார். அதுதான் தப்பாகப் போனது.

இந்தத் தடவை பதினெட்டு நாள் விடுப்பு. வந்த நோக்கம் ஒன்றே ஒன்று. அவர் வேலை பார்க்கும் கம்பெனி தன்னுடைய பழைய லாரி கிரேன் ஒன்றை விற்கிறது. சிக்னல்காரர், சரக்கைக் கொக்கியில் மாட்டுகிற இரண்டு ரிக்கர்கள், மேலாளு, நாலு பேரும் சேர்ந்து வாங்குவதாகப் பேச்சு. பங்கு ஆளுக்குப் பதினெட்டு லட்சம். பதினைந்தாம் தேதி மதியத்துக்குள் பணம் அங்கே இருக்க வேண்டும், இல்லையென்றால் இடம் காலி. நாற்பத்தொன்பது வயதில் கூலிக்காரன் என்ற பட்டத்தைக் கழற்றி வைக்க ஒரு சந்தர்ப்பம். இன்னொன்று வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

பணம் இருந்தது. ஒன்பது வருஷமாக மாசா மாசம் அனுப்பியது, டெபாசிட்டில், இருபத்துநாலு லட்சம். "வெளிநாட்டுல வேலை செய்யறவங்களுக்குன்னே ஒரு கணக்கு இருக்கு மாப்ள. வட்டிக்கு வரி கிடையாது. எப்ப வேணும்னாலும் வந்த வழியே திருப்பி எடுத்துட்டுப் போலாம்" என்று அன்றைக்குச் சொன்னவர் மனைவியின் அண்ணன்.

அந்த மச்சானுக்குத் தெருவில் பாரம் என்று பெயர். சிறுசேமிப்பு ஏஜென்ட். ரேஷன், பென்ஷன், பாஸ்போர்ட், எந்த பாரமாக இருந்தாலும் கட்டம் விடாமல் நிரப்பிக் கொடுப்பார். "பாரத்தை எங்கிட்ட இறக்கி வெச்சுட்டுப் போங்க" என்பது அவருடைய வழக்கமான சிரிப்பு. முதல் விடுப்பு முடிந்து விமானத்துக்குக் கிளம்புகிற அவசரத்தில், டாக்ஸி பானெட்மேல் வைத்து, அவர் நீட்டிய ஏழெட்டு வெற்றுப் பாரங்களில் மேலாளு கையெழுத்துப் போட்டார். படிக்கவில்லை. டாக்ஸிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

ஆறாம் தேதி செவ்வாய்க்கிழமை காலையில், மனைவியை அழைத்துக்கொண்டு வங்கிக்குப் போனார். மூன்றாவது கவுன்ட்டரில் வெளிநாட்டுக் கணக்குகளைப் பார்க்கிற மேடம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதையே மேஜையில் தேடிக்கொண்டிருந்தார்.

"தலையில இருக்கு மேடம்" என்றார் மேலாளு.

"நல்லவேளை சொன்னீங்க. சொல்லுங்க, என்ன வேணும்?"

"டெபாசிட்ட உடைக்கணும். பதினெட்டு லட்சம் அங்க இருக்கிற என் கணக்குக்கு அனுப்பணும்."

மேடம் எண்ணைத் தட்டினார். திரையைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"இது ஓ கணக்கு சார்."

"என்னது?"

"என்.ஆர்.ஓ. நீங்க இ-ன்னு நெனச்சு வந்திருக்கீங்க போல. என்.ஆர்.இ-ன்னா வெளிநாட்டுச் சம்பளத்துக்கு. நீங்க அங்க இருக்கற வரைக்கும் வட்டிக்கு இங்க வரி இல்ல, அசலும் வட்டியும் எப்ப வேணாலும் வெளிய போகும். ஓ கணக்கு, உங்களுக்கு இங்கயே வர்ற வாடகை, பென்ஷன் அந்த மாதிரி வருமானத்துக்கு. இதுல வட்டிக்கு முப்பது சதவீதம் வரி, செஸ்ஸோட முப்பத்தொண்ணு புள்ளி ரெண்டு. மொத ரூபாயிலேருந்தே பிடிச்சிருவோம். வெளிய அனுப்பணும்னா ஆடிட்டர் சர்டிபிகேட் வேணும்."

"நான் அனுப்பினது பூரா அங்கேருந்து வந்த சம்பளம் மேடம். வாடகைக்கு விட எங்கிட்ட ஒரு கோழிக்கூண்டுகூடக் கிடையாது."

"தெரியுது சார். பணம் வெளிநாட்டுலேருந்துதான் வந்திருக்கு. ஆனா வந்து விழுந்தது ஓ-வுல. விழுந்த அன்னைக்கே அதோட சுதந்திரம் போச்சு."

போன வருஷத்துக் கணக்கை மேடம் அச்சடித்துக் கொடுத்தார். வட்டி ஒரு லட்சத்து ஐம்பத்தாறாயிரம். பிடித்த வரி நாற்பத்தெட்டாயிரத்து அறுநூற்று எழுபத்திரண்டு. ஒன்பது வருஷத்துக்கும் சேர்த்து இரண்டு லட்சத்துப் பத்தொன்பதாயிரத்துச் சொச்சம். மேலாளு அந்தத் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கூண்டுக்குள் அவர் உட்கார்ந்த மணி நேரமாக அதை மாற்றிப் பார்க்க அவருக்குத் தெரியும். பார்த்தார்.

"வருஷா வருஷம் ரிட்டர்ன் போட்டிருந்தா திரும்பி வந்திருக்கும் சார்" என்றார் மேடம், குரலைத் தணித்து. "இங்க உங்களுக்கு வேற வருமானமே இல்ல, வரி வரம்புக்குக் கீழதான் வரும். போன வருஷத்துத இன்னும் வாங்கிரலாம். பழசுக்கெல்லாம் மனு போட்டுத்தான் பாக்கணும்."

"தப்பு யாரோடது? பேங்கோடதா?"

மேடம் உள்ளே போய் ஒரு பழைய கோப்பை எடுத்துவந்தார். வங்கியைக் குறை சொல்ல வந்தவர்களிடம் காட்டுவதற்கென்றே சில தாள்களை வங்கிகள் பத்திரமாக வைத்திருக்கும். இது அப்படி ஒரு தாள். முதலில் கொடுத்த பாரம். அதில் இ என்றுதான் டிக் அடித்திருந்தது. கூட்டுக் கணக்குதாரர் என்ற கட்டத்தில் மச்சானின் பெயர். அதன் குறுக்கே, அப்போது இருந்த அதிகாரி சிவப்பு மையில் எழுதியிருந்தார்: ‘மனைவியின் சகோதரர் நெருங்கிய உறவினர் பட்டியலில் இல்லை. ஏற்க இயலாது.’

"இ கணக்குல இங்க இருக்கற ஆளக் கூட்டா சேக்கணும்னா நெருங்கிய சொந்தமா இருக்கணும் சார். மனைவி, அப்பா அம்மா, புள்ளைங்க, கூடப் பிறந்தவங்க. மச்சான் வரமாட்டார். ஓ கணக்குல அந்தக் கட்டுப்பாடு இல்ல."

மேடம் அடுத்த தாளைத் திருப்பினார். இரண்டு நாள் கழித்துக் கொடுத்த பாரம். ஓ என்று டிக். அதே கட்டத்தில் அதே பெயர். அடியில் மேலாளுவின் கையெழுத்து, டாக்ஸி பானெட்டின் வளைவோடு சேர்ந்து சற்றே சரிந்து.

அவருக்கு இப்போது எல்லாம் கண்ணாடியாகத் தெரிந்தது. இரண்டு வழி இருந்திருக்கிறது. பெயரை அடித்துவிட்டு இ-யை வைத்துக்கொள்ளலாம். இ-யை விட்டுவிட்டுப் பெயரை வைத்துக்கொள்ளலாம். மச்சான் இரண்டாவதை எடுத்திருக்கிறார். தெரியாமல் இல்லை. சிவப்பு மையில் எழுதிக் கையில் கொடுத்த பிறகு எடுத்திருக்கிறார்.

"அவரு இதுலேருந்து பணம் எடுத்திருக்காரா?"

"இல்ல சார், எடுக்க முடியாது. இங்க பாருங்க." விரல் வைத்த இடத்தில் அச்சில் இருந்தது: ‘முதலாமவர் அல்லது பிழைத்திருப்பவர்.’ "நீங்க முதலாமவர். உங்க கையெழுத்து ஒண்ணே போதும். நீங்க உயிரோட இருக்கற வரைக்கும் அவரால ஒண்ணும் பண்ண முடியாது."

"அதுக்கப்புறம்?"

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்புறம் பணம் அவர் கைக்குப் போகும்."

பிழைக்கப் போனவன் ஒருவன். பிழைத்திருப்பவன் என்று பாரத்தில் இருப்பவன் வேறொருவன். முப்பது மாடி உயரத்தில் ஒரு போல்ட் கழன்றிருந்தால், காற்று ஒரு தடவை கூடுதலாக அடித்திருந்தால், ஏணியில் ஒரு கால் வழுக்கியிருந்தால், இருபத்துநாலு லட்சமும் மச்சான் கையில். ஒவ்வொரு தடவை வழியனுப்பும்போதும் ஏர்போர்ட் வாசல் வரைக்கும் வந்து "ஜாக்கிரதையா இருங்க மாப்ள" என்று தோளைத் தட்டிய கை அது.

மனைவி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினாள். அவள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்பதை அவர் வெளியே வந்து வெயிலில் நின்ற பிறகுதான் கவனித்தார்.

வீட்டுக்கு வந்து, சமையலறை வாசலில் நின்று கேட்டார்.

"உனக்குத் தெரியுமா?"

அவள் அடுப்பைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த அடுப்பு.

"வரி பிடிக்கிறது தெரியும்."

"எத்தன வருஷமா?"

"மூணு வருஷமா. பேங்க்லேருந்து வர்ற தாள்ல பார்த்தேன். அண்ணன்ட்ட கேட்டேன். சரி பண்ணிரலாம்னாரு. உங்ககிட்ட சொல்ல வேணாம்னாரு."

"ஏன் வேணாமாம்?"

"மேல உக்காந்திருக்கற மனுசனுக்குக் கீழேருந்து கெட்ட சேதி சொன்னா கை நடுங்கும், ஏதாச்சும் ஆயிரும்னு சொன்னாரு. எனக்கும் பயமாயிருச்சுங்க."

"ஏதாச்சும் ஆனா யாருக்கு லாபம்னு யோசிச்சியா?"

"அவரு பேரு கூட்டுல இருக்கறது எனக்குத் தெரியாதுங்க. என் பேருன்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன். இன்னைக்குத்தான், அங்க உக்காந்திருக்கும்போதுதான்..."

"தாள் வந்துச்சே. மேல ரெண்டு பேரு போட்டிருக்குமே."

"படிச்சேன்" என்றாள். அப்புறம், "முழுசா படிக்கல" என்றாள்.

அவர் அதற்குமேல் தோண்டவில்லை. பொய்யென்று நிரூபிப்பதில் என்ன கிடைக்கும்? உண்மையென்றாலும் மூன்று வருஷம் அவள் ஃபோனில் "எல்லாம் நல்லா இருக்குங்க" என்று சொன்னது அப்படியே இருந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல், மூன்று வருஷம்.

ஆனால் பதினைந்தாம் தேதி யாருக்காகவும் நிற்காது. புதன்கிழமை காலை மனைவியோடு ஆடிட்டர் அலுவலகம். மாடிப்படி ஏறி மூச்சு வாங்கினார். நூறு மீட்டர் ஏணி ஏறுகிறவர், இரண்டாம் மாடிக்கு மூச்சு வாங்கினார். ஆடிட்டர் சின்ன வயது, பேச்சில் வேகம்.

"வருஷத்துக்குப் பத்து லட்சம் டாலர் வரைக்கும் ஓ-லேருந்து வெளிய அனுப்பலாம் சார். உங்க பதினெட்டு லட்சம் ரூபாய் அதுல ஒரு தூசு. வரி ஏற்கெனவே பிடிச்சாச்சு, பணம் எங்கேருந்து வந்துச்சுங்கறதுக்கும் ஸ்டேட்மென்ட் இருக்கு. நான் சர்டிபிகேட் போட்டுருவேன். மொதல்ல வரித்துறை வெப்சைட்ல உங்க பேர்ல ஒரு லாகின் வேணும், அவ்வளவுதான்."

தட்டினார். நெற்றியைச் சுருக்கினார்.

"லாகின் ஏற்கெனவே இருக்கே. மூணு வருஷம் முன்னாடி போட்டிருக்கு. மொபைல் நம்பர் நாப்பத்தொண்ணுல முடியுது. உங்களுதா?"

மேலாளு திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"அண்ணன் நம்பர்" என்றாள்.

அதாவது மச்சான் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறார். எவ்வளவு வரி போனது, எவ்வளவு திரும்ப வாங்கலாம், எல்லாம் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் கதவைச் சாத்தியிருக்கிறார். ரிட்டர்ன் போட்டால் மேலாளுவுக்கு விஷயம் தெரிந்துவிடும். தெரிந்தால் பெயரை எடுக்கச் சொல்லுவார்.

"அந்த ஃபோனுக்கு ஒரு நம்பர் வரும். அதச் சொன்னா உள்ள போயிரலாம். இல்லன்னா வேற வழி இருக்கு, நாலஞ்சு நாள் இழுக்கும்."

மச்சானுக்கு ஃபோன் அடித்தார்கள். அணைத்து வைத்திருந்தது. வீட்டுக்குப் போனார்கள். பூட்டு இல்லை, மச்சானின் மனைவி இருந்தார். "வெளியூர் போயிருக்காரு. வெள்ளிக்கிழம வந்துருவாரு." எந்த வெளியூர் என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்டபோது முந்தானையைச் சரிசெய்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் மச்சான் வந்துவிட்டார். முன்னறையில், பாரங்கள் அடுக்கிய மேஜைக்குப் பின்னால், குளித்து முடித்து, சட்டைப்பையில் மூன்று பேனாவோடு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க மாப்ள, வாங்க. டீ சாப்பிடுங்க."

"டீ வேணாம் மச்சான். நம்பர் வரும், சொல்லுங்க."

"அட, உக்காருங்க. என்ன இப்படிக் கோர்ட்டுக்கு வந்த மாதிரி? யாரோ ஒரு கவுன்ட்டர்காரம்மா என்னமோ சொல்லிட்டாங்கன்னு..."

"சிவப்பு மையில எழுதினத நான் பார்த்தேன்."

மச்சான் ஒரு பேனாவை எடுத்து, மூடியைத் திறந்து, மூடினார். "சரி. பார்த்தீங்க. யோசிச்சுப் பாருங்க. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு ஓடணும்? எந்தங்கச்சிக்கு பேங்க்ல சலான் எழுதத் தெரியுமா? நான்தான ஓடணும்? அதுக்காகத்தான் பேரப் போட்டேன். ஒரு பைசா தொட்டேனா? கேளுங்க பேங்க்ல."

"தொட முடியாது மச்சான். நான் சாகல. அதான் தொடல."

"என்ன பேச்சு இது!"

"அவளுக்குச் சலான் எழுதத் தெரியாதுன்னா சொல்லிக் குடுத்திருக்கலாம். ஒன்பது வருஷம் இருந்துச்சு. பேரச் சேக்கறதுக்கு வரியக் கட்ட வெச்சீங்க பாருங்க, அதத்தான் கேக்கறேன். என் சம்பளத்துலேருந்து உங்க பேருக்கு வாடகை கட்டியிருக்கேன். ரெண்டு லட்சத்துப் பத்தொன்பதாயிரம்."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. கூட வந்த மனைவி கதவருகே நின்றபடி அண்ணனைப் பார்த்தாள். "அண்ணே, குடுத்துருண்ணே" என்றாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

ஆடிட்டர் ஃபோனில் காத்திருந்தார். மச்சானின் ஃபோன் ஒருமுறை அதிர்ந்தது. மச்சான் அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, குடும்பம் என்றால் என்ன, நம்பிக்கை என்றால் என்ன என்று பேச ஆரம்பித்தார். நல்ல பேச்சாளர். எண் காலாவதியாகிவிட்டது. இரண்டாவது தடவை வந்தது. மேலாளு கையை நீட்டினார். ஃபோனை வாங்கவில்லை, கையை நீட்டிக்கொண்டு அப்படியே நின்றார். கிரேனில் சரக்கு ஆடாமல் நிற்கும்வரை கை லீவரில் அசையாமல் இருக்குமே, அந்த மாதிரி. மச்சான் எண்ணைப் படித்தார், ஒவ்வொன்றாக, கடன் கொடுக்கிறவர்போல.

சர்டிபிகேட் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கைக்கு வந்தபோது வங்கி மூடியாகிவிட்டது. மறுநாள் இரண்டாம் சனி. அதற்கடுத்து ஞாயிறு. திங்கட்கிழமை திறக்கும்போதே வாசலில் நின்று காகிதங்களைக் கொடுத்தார். மேடம் அன்றைக்கே டெபாசிட்டை உடைத்தார், முன்கூட்டி உடைத்ததற்கு ஒரு சதவீதம் வட்டியைக் குறைத்துக்கொண்டு. காகிதங்களைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். "அந்நியச் செலாவணிப் பிரிவுல மூணு வேலை நாள் ஆகும் சார். நான் தினமும் ஃபோன் பண்ணிக் கேட்டுக்கிட்டே இருக்கேன்."

"இதே இ கணக்கா இருந்திருந்தா?"

"அன்னைக்குச் செவ்வாய்க்கிழமையே போயிருக்கும். வியாழக்கிழமை அங்க நின்னிருக்கும்."

வியாழக்கிழமை என்றால் எட்டாம் தேதி. ஒரு வாரம் கையிருப்பு.

பணம் பதினைந்தாம் தேதி மதியம் மூன்று மணிக்கு இங்கிருந்து கிளம்பியது. சிக்னல்காரர் நாலு மணிக்குக் கூப்பிட்டார்.

"மேலாளு, வந்துருச்சா?"

"கிளம்பிருச்சு. சனிக்கிழம விழும்."

அந்தப் பக்கம் சத்தமில்லை. வாக்கி டாக்கியில் இந்த மாதிரிச் சத்தமில்லாமல் போனால் மேலாளு சரக்கை நகர்த்தவே மாட்டார்.

"கம்பெனில ஒரு மணி நேரம் கூடக் குடுத்தாங்க. கெஞ்சிப் பார்த்தோம்யா. அப்புறம் ஸ்டோர்கீப்பர் பணத்தோட வந்து நின்னாரு. நாங்க என்ன பண்ண? மூணு பேரோட காசும் முன்பணமா மாட்டியிருக்கு."

"சரிப்பா."

"கோச்சுக்காதய்யா. ஓட்டறதுக்கு ஆள் வேணும். நீதான் ஓட்டணும்னு சொல்லியாச்சு. நல்ல சம்பளம் போட்டுத் தருவோம்."

"தருவோம்னு சொல்ற."

"ஆமா, எங்க கிரேன்ல... " என்று ஆரம்பித்த சிக்னல்காரர், எந்த இடத்தில் நிற்கிறோம் என்று புரிந்து நிறுத்திக்கொண்டார்.

கிளம்புகிறதுக்கு முந்தின நாள் மேலாளு கடைசியாக வங்கிக்குப் போனார். மனைவியும் வந்தாள். மிச்சமிருந்த ஆறு லட்சத்தை இ கணக்குக்கு மாற்ற வேண்டும். அதற்கும் ஆடிட்டர் சர்டிபிகேட் உண்டு, அதையும் வாங்கி வைத்திருந்தார். மேடம் புதுப் பாரத்தை எடுத்து நீட்டி, பேனாவால் மூன்று இடத்தில் பெருக்கல் குறி போட்டார்.

"இங்க, இங்க, இங்க கையெழுத்து."

"படிச்சுட்டுப் போடறேன் மேடம்."

"நாலு பக்கம் இருக்கு சார்."

"பரவால்ல."

நின்றபடியே படித்தார். பின்னால் வரிசை நீண்டது. ஒருவர் தொண்டையைச் செருமினார். இன்னொருவர், "என்ன சார், பரீட்சைக்கா படிக்கறீங்க?" என்றார். யாரோ சிரித்தார்கள். மேலாளு திரும்பவில்லை. விரலை வரிக்கு வரி வைத்து, உதடு அசைய, இரண்டாம் பக்கம் முடித்து மூன்றாம் பக்கத்துக்கு வந்தார். கூட்டுக் கணக்குதாரர் பற்றிய பகுதி. நெருங்கிய உறவினர் யார் யார் என்று பட்டியல்.

மனைவி இரண்டு புகைப்படமும் அடையாள அட்டை நகலும் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். உறையை மேஜை விளிம்பில் வைத்தாள். தள்ளவில்லை, வைத்தாள்.

"பட்டியல்ல மொத பேரே மனைவிதான்" என்றார் அவர், பாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஆமாங்க."

"அன்னைக்கும் இது இப்படித்தான் இருந்திருக்கும்."

மேடம் கண்ணாடியை இறக்கிக்கொண்டு கம்ப்யூட்டரைப் பார்க்க ஆரம்பித்தார்.

மேலாளு மேஜையில் கட்டியிருந்த பேனாவை எடுத்தார். கூட்டுக் கணக்குதாரர் என்ற கட்டத்தின் குறுக்கே, மூலையிலிருந்து மூலைக்கு ஒரு கோடு இழுத்தார். பேனா நடுவில் எழுதாமல் போனது. அதே கோட்டின் மேல் இன்னொரு தடவை அழுத்தி இழுத்தார். நாமினி கட்டத்தில் கல்லூரியில் படிக்கிற மகளின் பெயரை எழுதினார். பெருக்கல் குறி போட்ட மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டார்.

"ஒத்த ஆளாவா சார்?" என்றார் மேடம்.

"ஒத்த ஆளா."

உறை விளிம்பிலேயே இருந்தது. வரிசையில் அடுத்த ஆள் முன்னால் வந்தபோது அவருடைய முழங்கை அதில் பட்டு உறை கீழே விழுந்தது. மனைவி குனிந்து எடுத்தாள்.